தட்சிணாமூர்த்தியின் முதல் எழுத்து

செஞ்சியில் திருவண்ணாமலை சாலையோரம் நான் தினமும் டீ குடிக்கிற கடையில், வெளி பெஞ்சில் உட்கார்ந்தால் ராஜகிரி மலை கண்ணுக்கு நேரே நிற்கும். போன மாதம் ஒரு சாயங்காலம் அந்த பெஞ்சுக்கு ஒரு அப்பாவும் மகளும் பிளாஸ்டிக் பையில் காகிதக்கட்டோடு வந்தார்கள். மகள் நர்சிங் முடித்தவள், வளைகுடாவில் வேலைக்கு முயற்சி செய்கிறாள். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்திருக்கிறாள், பெயர் கேட்கிற முதல் பெட்டியிலேயே நின்றுவிட்டது. "சார், எம்பேர எப்டி எழுதறதுன்னே தெரியல சார்" என்றாள்.

பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். அவள் எழிலரசி, அப்பா தட்சிணாமூர்த்தி என்று வைத்துக்கொள்வோம். மாற்றிய பெயரிலும் அதே சிக்கல் அப்படியே இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

பெஞ்சில் காகிதங்களைப் பரப்பினோம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் `EZHILARASI D`. நர்சிங் பட்டத்திலும் அதேதான், ஏனென்றால் கல்லூரிக்காரர்கள் மார்க் ஷீட்டைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். ஆதாரில் `Ezhilarasi T`. பான் கார்டில் `EZHILARASI DAKSHINAMOORTHY`. அப்பாவின் ஆதாரில் `Thatchinamoorthy`, அவருடைய வாக்காளர் அட்டையில் `Dakshinamoorthy`. பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து பதிவாகிவிடும், பெயர் வைப்பது பிறகுதான், அதைப் போய்ச் சேர்க்க நம் பக்கத்தில் பலருக்கு நினைவே வருவதில்லை.

தமிழில் பார்த்தால் இத்தனையிலும் ஒரே பெயர்தான், த. எழிலரசி. அவளுக்கும் குழப்பமில்லை, ஊருக்கும் குழப்பமில்லை. இங்கிலீஷ் எழுத்துக்கு வந்தவுடன் அப்பா இரண்டு ஆளாகிவிட்டார். ஒருவர் D, ஒருவர் T.

இது எப்படி நேர்ந்தது என்று அவளுக்கு முதலில் சொன்னேன், ஏனென்றால் காரணம் தெரியாமல் திருத்தப் போனால் இன்னொரு புதுப் பெயர்தான் உண்டாகும். வடமொழிச் சொல்லான தக்ஷிணாமூர்த்தியைத் தமிழ் தன் வாய்க்கு ஏற்ப தட்சிணாமூர்த்தி என்று எழுதிக்கொண்டது. நம் 'த' ஒரே எழுத்து, ஆனால் இடத்துக்கும் சொல்லுக்கும் தக்கபடி இரண்டு மூன்று ஒலிக்கு நிற்கும். தங்கம் என்னும்போது ஒன்று, தட்சிணை என்னும்போது இன்னொன்று. வடமொழி ஒலியை மனதில் வைத்து இங்கிலீஷில் எழுதினவர் `Dakshina` என்றார். தமிழ் எழுத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எழுதினவர் `Thatchina` என்றார். இரண்டு பேரும் தவறு செய்யவில்லை. இருவரும் வேறு வேறு இடத்திலிருந்து புறப்பட்டார்கள், அவ்வளவுதான்.

இன்ஷியல் இன்னும் மோசம். முழுப் பெயரில் தவறு இருந்தால் கண்ணில் படும். ஒற்றை எழுத்துக்குள் அது ஒளிந்துகொள்ளும். த. என்று தமிழில் எழுதிக் கொடுத்தால் கணினி முன்னால் இருப்பவர் T என்று அடிப்பார், அப்பா பெயர் தங்கராசு என்றோ தனபால் என்றோ தட்சிணாமூர்த்தி என்றோ அவருக்கு எப்படித் தெரியும்? ச. என்றால் S, C இரண்டும் வரும். ப. என்றால் பழனிக்கு P, பாலுவுக்கு B. க. என்றால் கண்ணனுக்கு K, கணேசனுக்கு G. தமிழ் இன்ஷியலை வைத்து இங்கிலீஷ் இன்ஷியலைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இதைச் சொல்லும்போது எனக்கு உள்ளூர ஒரு குறுகுறுப்பு உண்டு. நான் பத்தாம் வகுப்பு ஆசிரியனாக இருந்தவன். அரசுத் தேர்வுக்கு முன்னால் நாமினல் ரோல் என்று ஒரு பெயர்ப்பட்டியல் தயாராகும். மார்க் ஷீட்டில் அச்சாகப் போகிற பெயர், இன்ஷியல், பிறந்த தேதி எல்லாம் அதிலிருந்துதான் போகும். அறுபது பிள்ளைகளின் பட்டியலை ஒரு மத்தியானத்தில் முடிக்க வேண்டியிருக்கும். பிள்ளையை நிறுத்தி, "உங்கப்பா பேர அவரு எப்டிடா எழுதுவாரு?" என்று கேட்ட வருடமும் உண்டு, கேட்காமல் நானே போட்ட வருடமும் உண்டு. அந்த ஒரு நிமிடத்தில் நான் போட்ட எழுத்தோடு எத்தனை பிள்ளைகள் இன்றைக்கு ஏதாவது ஒரு கவுண்டரில் நிற்கிறார்களோ. இந்தப் பெண் என்னிடம் படித்தவள் இல்லை. ஆனாலும் அவள் மார்க் ஷீட்டின் அந்த D யைப் பார்த்ததும் யாரோ ஒரு ஆசிரியர் அவளை நிறுத்திக் கேட்டிருக்கிறார் என்று தோன்றியது.

அவள் கெட்டிக்காரி. "சார், D ன்னா ட தான சார்? த வுக்கு Dh போட்டாத்தான கரெக்டு? நான் பாஸ்போர்ட்ல `Dhakshinamoorthy` ன்னு போட்டுக்கறேனே" என்று கேட்டாள். நம் ஊர் வழக்கப்படி அவள் சொன்னது நியாயமானதுதான். இங்கே `Dhanam`, `Dharani` என்று எழுதி 'த' என்றுதான் படிக்கிறோம். அதே Dh வடக்கே போனால் தனுஷ், தர்மம் இவற்றில் மூச்சை அழுத்திச் சொல்கிற வேறு எழுத்து. சரியான எழுத்து எது என்று தேடிப் போனால் எந்த ஊரார் காதுக்குச் சரி என்று அடுத்த கேள்வி வந்து நிற்கும்.

அவளுக்கு எதிரே இருந்த மலையைக் காட்டினேன். நாம் செஞ்சி என்கிறோம். மராட்டியில் ஜிஞ்சி என்கிறார்கள். மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1698 இல் இந்த மலைக்கோட்டையைப் பிடித்தபின் நுஸ்ரத்கட் என்று பெயர் வைத்தார்கள், அது நிலைக்கவில்லை. ஐரோப்பியர்கள் தங்கள் காதில் விழுந்ததை எழுதியதில் கடைசியில் `Gingee` நின்றுவிட்டது. செஞ்சி என்று சொல்கிற எவரும் தானாக அந்த எழுத்துகளுக்குப் போய்ச் சேர மாட்டார். ஆனாலும் தாலுகாவின் பெயர் அது, சட்டமன்றத் தொகுதியின் பெயர் அது. 2025 ஜூலையில் மராட்டியரின் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அவற்றில் தமிழ்நாட்டில் இருக்கிற இந்த ஒரே கோட்டை பட்டியலில் ஏறியதும் `Gingee` என்றுதான்.

நம் தேசிங்கு ராஜாவின் கதையும் இதேதான். அவர் பெயர் தேஜ் சிங். ராஜபுத்திரர். 1714 இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இளம் வயதில் இறந்துபோனார். தமிழ் வாய் அவரைத் தேசிங்கு என்று ஆக்கிக்கொண்டது, தமிழிலிருந்து திரும்ப இங்கிலீஷுக்குப் போனபோது `Desing` ஆனார். புறப்பட்ட இடத்துக்குப் பெயர் திரும்பிப் போகவே இல்லை. தக்ஷிணா தட்சிணாவாகி `Thatchina` ஆனதும் அதே பயணம்தான்.

எல்லாவற்றையும் ஒலிப்படி திருத்திவிடலாம் என்று அரசாங்கமே ஒருமுறை முயன்றது. 2020 ஜூனில், ஊர்ப் பெயர்களின் இங்கிலீஷ் எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி 1018 ஊர்களுக்கு அரசாணை வெளியானது. கோயம்புத்தூர் `Koyampuththoor` ஆனது, தர்மபுரி `Tharumapuri` ஆனது, வேலூர் `Veeloor` ஆனது. கடைசியதை இங்கிலீஷ் தெரிந்தவர் படித்தால் வீலூர் என்றுதான் சொல்வார். எதிர்ப்பு வந்து சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். தமிழ் மேல் அக்கறையோடு செய்த வேலைதான் அது. ஆனால் 26 எழுத்துக்குள் நம் நெடில் குறிலையும் ழகர லகர ளகரத்தையும் அடைக்க முடியாது. மொழியறிஞர்கள் அதற்காக எழுத்தின் மேலும் கீழும் கோடும் புள்ளியும் வைத்து ஒரு முறை வைத்திருக்கிறார்கள். நூலகப் பட்டியலுக்கு அது உதவும். பாஸ்போர்ட்டில் அந்தக் கோட்டுக்கும் புள்ளிக்கும் இடமில்லை.

"அப்ப எது சரின்னு எப்டி சார் முடிவு பண்றது?" என்று அப்பா கேட்டார். பாஸ்போர்ட் உச்சரிப்பைக் கேட்கவில்லை, தட்சிணாமூர்த்தி. இந்தக் காகிதத்தில் இருக்கிற ஆளும் அந்தக் காகிதத்தில் இருக்கிற ஆளும் ஒரே ஆள்தானா என்றுதான் பார்க்கும். அதற்கு எழுத்து ஒன்றாக இருந்தால் போதும். அழகாக இருக்க வேண்டியதில்லை.

இன்னொரு டீ சொல்லிவிட்டு, பாஸ்போர்ட்டின் போட்டோ பக்கத்துக்கு அடியில் இருக்கிற இரண்டு வரிகளை ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினேன். விமான நிலையத்தில் அதிகாரி படிப்பது மேலே இருக்கிற பெயரை, இயந்திரம் படிப்பது கீழே இருக்கிற இந்த வரியை. உலகம் முழுக்க ஒரே அமைப்பு. ஒரு வரிக்கு 44 இடம். இவளுக்கு வந்தால் முதல் வரி இப்படி இருக்கும்:

```
P<INDDAKSHINAMOORTHY<<EZHILARASI<<<<<<<<<<<<
```

முதலில் பாஸ்போர்ட் என்பதற்கான P, பிறகு நாட்டுக்கான IND. அடுத்து `Surname` பெட்டியில் நாம் எழுதியது, இரண்டு அம்புக்குறி, பிறகு `Given Name` பெட்டியில் எழுதியது. மிச்ச இடம் அம்புக்குறியால் நிரம்பும். பெயருக்குக் கிடைப்பது 39 இடம், இவளுக்கு 27 இல் முடிந்துவிட்டது. இன்ஷியலுக்குப் பின்னால் நாம் வைக்கிற புள்ளி இங்கே கிடையாது. பெரிய எழுத்து, அம்புக்குறி, அவ்வளவுதான்.

இந்த வரியைப் பார்த்தால் இன்ஷியல் ஏன் செல்லாது என்று புரியும். இது இரண்டு பாகமுள்ள பெயருக்கான வரி. நம் வழக்கத்தில் குடும்பப் பெயர் என்ற பாகமே இல்லை. ஆளின் பெயர் ஒன்று, அப்பா பெயரின் முதல் எழுத்து ஒன்று. விண்ணப்பத்தில் பெயரை விரித்து எழுதச் சொல்வார்கள், இன்ஷியலாக எழுத விட மாட்டார்கள். அதனால் D என்ற எழுத்து முழுசாக விரிந்து தட்சிணாமூர்த்தி ஆக வேண்டும், விரிந்து ஒரு பெட்டியில் உட்கார வேண்டும்.

எந்தப் பெட்டியில் என்பதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிறார்கள். த. எழிலரசி என்று முன்னால் இன்ஷியல் போட்டே பழகியதால், முதலில் வருவது முதல் பெட்டி என்று நினைத்து தட்சிணாமூர்த்தியை `Given Name` இல் போட்டு, எழிலரசியை `Surname` இல் போட்டுவிடுவார்கள். அது செல்லும், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அப்புறம் வேலை செய்கிற ஆஸ்பத்திரியின் அட்டையில் அவள் முதல் பெயர் தட்சிணாமூர்த்தி என்று அச்சாகி வரும். ஆண்பிள்ளைகளுக்கே அது சங்கடம், ஒரு நர்ஸ் பெண்ணுக்குச் சொல்லவே வேண்டாம். தன் பெயர் `Given Name` இல், அப்பா பெயர் `Surname` இல் என்பதுதான் நமக்குப் பொருந்துகிற ஏற்பாடு.

இன்னும் சிலர் அப்பா பெயரை எழுதாமலேயே விட்டு, `Surname` பெட்டியைக் காலியாக வைப்பார்கள். நம் பாஸ்போர்ட் அலுவலகம் அதை ஏற்கும். தமிழ் மரபுக்கு அதுதான் நெருக்கம் என்பதால் எனக்கும் ஒரு காலத்தில் அது பிடித்திருந்தது. ஆனால் வெளிநாட்டில் அது பாடாய்ப் படுத்தும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களை விசிட் விசாவிலும் டூரிஸ்ட் விசாவிலும் உள்ளே விட மாட்டோம் என்று அறிவித்தது. சில நாளில், அப்பா பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் ஏற்போம் என்று தளர்த்தினார்கள். அந்தச் சில நாளில் டிக்கெட் வாங்கி வைத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அமெரிக்க விசாவில் வேறு விதம். அங்கே குடும்பப் பெயர் காலியாக இருக்கக் கூடாது. இவள் பாஸ்போர்ட்டில் எழிலரசி மட்டும் இருந்தால் அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முதல் பெயர் இருக்கிற இடத்தில் `FNU` என்று போட்டுவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் தெரியவில்லை என்று ஒரு முத்திரை.

அப்பா பெயர் பின்னால் போனால் விமான நிலையத்தில் மைக்கில் அவளை தட்சிணாமூர்த்தி என்றுதான் கூப்பிடுவார்கள் என்று சொன்னேன். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்பா எதுவும் சொல்லாமல் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி எழுத்துக்கு வருவோம். எந்தக் காகிதத்தை ஆதாரமாக வைத்து மற்றதை அதன் பக்கம் திருப்புவது? என் பதில் எப்போதும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். காரணம் பாசம் அல்ல. அதுதான் திருத்த மிகக் கடினமான காகிதம். பள்ளி வழியாகத் தேர்வுத் துறைக்குப் போக வேண்டும், பள்ளியின் பழைய பதிவேட்டில் அப்படி இருந்ததா என்று கேட்பார்கள். அதைப் பார்த்துத்தான் பட்டம் வந்தது, பட்டத்தைப் பார்த்துத்தான் நர்சிங் கவுன்சில் பதிவு வந்தது. பத்தாவது தேறியவர் என்பதற்கான சான்றாகவும் அதையே வைப்பதால், வளைகுடாவுக்குப் போகிறவர்கள் பயப்படுகிற குடியேற்றச் சோதனை முத்திரை பாஸ்போர்ட்டில் விழாமல் இருப்பதற்கும் அதுதான் துணை. அடியில் இருக்கிற செங்கல் அது. அதை உருவினால் மேலே இருக்கிற எல்லாம் ஆடும்.

பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லையே என்று அப்பா கவலைப்பட்டார். 2025 பிப்ரவரி கடைசியில் பாஸ்போர்ட் விதியைத் திருத்தினார்கள். 2023 அக்டோபர் 1 ஆம் தேதியிலிருந்து பிறந்த குழந்தைகளுக்குத்தான் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம். அதற்கு முன்னால் பிறந்தவர்கள் மார்க் ஷீட், டிசி, பான் கார்டு, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை போன்றவற்றில் ஒன்றைக் காட்டலாம். இவள் அதற்கு ரொம்ப முன்னாலேயே பிறந்தவள். மார்க் ஷீட்டே போதும்.

ஆக `EZHILARASI` முடிவாகிவிட்டது, D யும் முடிவாகிவிட்டது. D இருக்கிறதால் `Thatchinamoorthy` போட்டியிலிருந்து விலகிவிட்டார். மார்க் ஷீட்டில் D இருக்க, பாஸ்போர்ட்டில் T யில் தொடங்கும் அப்பா இருந்தால், ஒவ்வொரு வேலைக்கும் இருவரும் ஒரே ஆள் என்று நோட்டரியிடம் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். மிச்சம் `Dakshinamoorthy` யா, அவள் ஆசைப்பட்ட `Dhakshinamoorthy` யா என்பதுதான். அவளுடைய பான் கார்டிலும் அப்பாவின் வாக்காளர் அட்டையிலும் h இல்லாமல் ஏற்கெனவே இருக்கிறது. h சேர்த்தால் அந்த எழுத்துக் கூட்டுக்கு உலகத்தில் ஒரு காகிதம் கூடச் சாட்சி கிடையாது. விரித்த பெயரின் எழுத்தை நாம் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கக் கூடாது. அப்பாவின் காகிதத்தில் எங்காவது இருப்பதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

"நியூமராலஜி பாத்து ஒரு எழுத்து கூட போட்டா நல்லதுன்னு எங்க சித்தி சொல்றாங்க சார்" என்றாள். இதற்கு மட்டும் நான் கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன். விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள், வாட்ஸப்பில் போட்டுக்கொள். பாஸ்போர்ட்டில் கூடுதலாக ஒரு a விழுந்தால், பட்டத்திலிருந்து பான் வரை எல்லாவற்றிலும் அந்த a வைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் முறைப்படி பெயர் மாற்றம் செய்து அரசிதழில் வெளியிட்டு அதைக் காலம் பூராவும் கூடவே தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்.

திருத்த வேண்டியது இரண்டே இரண்டுதான் என்று கணக்குப் பார்த்தோம். முதலாவது அவளுடைய ஆதார். முகவரிக்கு அதைத்தான் காட்டப் போகிறாள், அதில் T இருக்கிறது. பான் கார்டைச் சான்றாக வைத்து `Ezhilarasi Dakshinamoorthy` என்று மாற்றிக்கொள்ளலாம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள், அதனால் இதில் ஒன்றை வீணாக்கக் கூடாது. மையத்தில் போய் வாயால் சொல்லாமல் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி நீட்ட வேண்டும். அடித்து முடித்ததும் ஒப்புகைச் சீட்டில் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படிக்க வேண்டும். தமிழ்ப் பெயரையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கிலீஷில் அடித்தால் தமிழ் தானாக வந்து விழும், zh போட்ட பெயர்களில் அது சில நேரம் தடுமாறும். இரண்டாவது அப்பாவின் ஆதார். வாக்காளர் அட்டையைக் காட்டி அவரும் D க்கு வந்துவிடலாம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அப்பா பெயர் கேட்கிற இடத்திலும் இதே எழுத்து வர வேண்டும். மகளின் பெயர்ப் பெட்டியில் ஒரு விதமாகவும் அப்பாவின் பெட்டியில் வேறு விதமாகவும் எழுதி, தன் விண்ணப்பத்துக்குத் தானே முரணாக நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிறந்த ஊர் கேட்கும் இடத்தில் `GINGEE`. `SENJI` என்று எழுத எனக்கும் ஆசைதான். மாவட்டத்தைப் பட்டியலில் எப்படிக் காட்டுகிறதோ அப்படியே தேர்ந்தெடுக்க வேண்டும். விழுப்புரத்துக்கு ஒரு l இரண்டு p யும் உண்டு, இரண்டு l ஒரு p யும் உண்டு. ரயில்வே ஒன்று எழுதும், மாவட்ட இணையதளம் ஒன்று எழுதும். அதில் நாம் தலையிட வேண்டியதில்லை.

"நாளைக்குக் கல்யாணம் ஆனா புருஷன் பேருக்கு மாத்தணுமா சார்?" என்று அவள் கேட்கவில்லை, அப்பாதான் கேட்டார். தேவையில்லை. கணவர் பெயரைப் பாஸ்போர்ட்டில் சேர்த்துக்கொள்ளலாம், அதற்காக அவள் பெயரை மாற்றச் சட்டம் சொல்லவில்லை. பட்டமும் பதிவும் இந்தப் பெயரில் இருக்கும்வரை அதை விடாமல் வைத்துக்கொள்வதுதான் அவள் தொழிலுக்கு நல்லது. பிறக்கிற குழந்தைக்கு அவள் கணவர் பெயர்தான் பின்னால் வரும், ஆக வீட்டில் மூன்று பேருக்கு மூன்று பின்பெயர். வெளிநாட்டு அதிகாரிகள் கேட்பார்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் இருவர் பெயரும் அவரவர் பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்திலேயே இருந்தால் அதை நீட்டினால் போதும். அந்தச் சான்றிதழில் குழந்தையின் பெயரைச் சேர்க்க ஓராண்டு வரை கட்டணம் கிடையாது, அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை சேர்க்கலாம். அந்தச் சேர்க்கும் நாளில்தான் எல்லாம் நிர்ணயமாகிறது. அவள் அண்ணனுக்கு மூன்று மாதக் குழந்தை இருக்கிறதாம். இன்னும் பெயர் சேர்க்கவில்லையாம். "நாளைக்கே போகச் சொல்லு" என்றேன்.

கடைசியாக ஒன்று சொல்லி அனுப்பினேன். பாஸ்போர்ட் சேவா மையத்தில் முதல் கவுண்டரில் போட்டோ எடுத்து, கைரேகை வைத்ததும், உன் பக்கம் திரும்பியிருக்கிற திரையில் விவரங்களைக் காட்டுவார்கள். பின்னால் வரிசை நிற்கும், சீக்கிரம் சரி சொல்லத் தோன்றும். அவசரப்படாதே. பெயரைக் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்குத் திருப்பிப் படி. நேராகப் படித்தால் பழகிய பெயர் என்பதால் கண் தாவிப் போய்விடும். திருப்பிப் படித்தால் ஒவ்வொரு எழுத்தும் தனியாக நிற்கும். அங்கே பிடித்தால் சும்மா திருத்துவார்கள். புத்தகம் அச்சாகி வந்தபின் பிடித்தால் புது விண்ணப்பம், மறுபடி 1500 ரூபாய், மறுபடி காத்திருப்பு.

அவள் தாளின் பின்பக்கத்தில் பேனாவை வைத்து, இடம் விட்டு இடம் விட்டுப் பெரிய எழுத்தில் அப்பா பெயரை எழுதினாள். பதினைந்து எழுத்து. எண்ணச் சொன்னேன், எண்ணினாள். அப்பா தாளை வாங்கிக்கொண்டார். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதெல்லாம் தமிழில்தான், தன் பெயர் இங்கிலீஷில் இவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியாதாம். "ரெண்டு o வருதே சார், ஒண்ணு போதாதா?" என்று கேட்டார்.

"வாக்காளர் அட்டையில ரெண்டு இருக்கு. ரெண்டே இருக்கட்டும்" என்றேன். அவர் தாளை நான்காக மடித்து, சட்டைப்பையில், பீடிக்கட்டுக்குப் பக்கத்தில் நனையாமல் வைத்துக்கொண்டார்.